மீண்டும் எடுப்பீர்களா: இல்லை

அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளி முழிப்பார். ‘ஒருவரி அக்கா’ என்று கேளுங்கள், உடனே கையை நீட்டுவார். படி இறங்கி, மருந்துக் கிடங்கைத் தாண்டி, துணி துவைக்கும் இயந்திரங்கள் கடகடக்கும் இடத்துக்குப் பக்கத்து அறை. வெளியே ‘ஆட்சேர்ப்புப் பிரிவு’ என்று பலகை இருக்கும். உள்ளே மூன்று மேசை, ஒரு தேநீர்க் குடுவை, ஜன்னல் கிடையாது. மூலை மேசையில் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு கணினித் திரையை முறைத்துக்கொண்டிருப்பவள்தான் அவள்.

அவள் வேலை என்ன என்று அவள் வீட்டுக்காரருக்கே கல்யாணமாகி ரொம்ப நாள் புரியவில்லை. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற மனுஷர். “நீ என்னதான்மா பண்றே அங்க?” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு நாள் அவளே விளக்கினாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள். நேர்காணல் முடிகிறது. ‘உங்களை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்’ என்று சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளைப் பற்றி விசாரிக்க வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். சொன்ன படிப்பு படித்தது உண்மையா, சொன்ன முகவரியில் இருக்கிறாரா, வழக்கு ஏதும் உண்டா, பழைய வேலையிடத்தில் என்ன சொல்கிறார்கள், பரிந்துரைக்கிற இரண்டு பேர் என்ன சொல்கிறார்கள், எல்லாவற்றையும் விசாரித்து ஓர் அறிக்கை அனுப்புவார்கள். அறிக்கை என்றால் சின்னதாக இருக்காது. கல்யாண ஆல்பம் மாதிரி பக்கம் பக்கமாகப் போகும். வீட்டு வாசல் புகைப்படம்கூட இருக்கும். அதையெல்லாம் படித்து, ஆளுக்கு ஒரு வரிசையாக ஓர் அட்டவணையில் அவள் சுருக்கி எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் மூன்றில் ஒன்று: ‘சேர்க்கலாம்’, ‘பதில் வரவில்லை’, ‘யோசிக்கவும்’.

“அப்ப நீதான் எடுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றியா?”

“சே சே, முடிவு மேலாளர். நான் எடுத்து எழுதுறது மட்டும்தான்.”

“அடேங்கப்பா,” என்றார் அவர். “வக்கீல் வேலை.”

இந்த ‘நான் எடுத்து எழுதுறது மட்டும்தான்’ என்பதை அவள் வாழ்க்கையில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று தெரியாது. நல்ல பாதுகாப்பான வாக்கியம். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை மாதிரி.

வேலையில் கெட்டிக்காரி. அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு தடவை, துப்புரவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் எடுத்தபோது, பரிந்துரைத்த பழைய முதலாளி இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்தும் புலம்பியும் தள்ளியிருந்தார். இவள் எழுதியது: ‘வேலை சுத்தம், வாய் அதிகம்.’ மேலாளர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்து, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றைக்கு வந்ததுதான் ‘ஒருவரி அக்கா’. அந்த மேற்பார்வையாளரை எடுத்தார்களா என்றால் எடுத்தார்கள். வாய் அதிகம்தான். ஆக, வரி உண்மை. அவளுக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போனது அப்போதிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். பாராட்டு ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்குத் தெரியும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. சின்ன வயசு, கால் தரையில் பாவாது. வந்து நின்றபடியே கேட்பார்: “அக்கா, எனக்குக் கதை வேணாம். கலரைச் சொல்லுங்க.”

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கலர் இருக்கும். ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு கட்டம். எல்லாம் பொருந்தினால் பச்சை. பொய் சொல்லியிருந்தால் சிவப்பு. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில், மஞ்சள். மஞ்சளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘குறிப்பு காண்க’ என்று போட்டிருப்பார்கள். குறிப்பு எங்கே இருக்கும்? கடைசியில், இணைப்பில், பழைய நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை அப்படியே படமாக ஒட்டியிருக்கும் பக்கத்தில். முதல் வருஷங்களில் அவள் அந்தக் கடைசிப் பக்கம்வரை போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தவள்தான். பிறகு பிறகு, முதல் பக்கத்தையும் பழைய வேலை பற்றிய பட்டியலையும் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது. அந்தப் பட்டியலில் கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம், ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்தாரா. கடைசிக் கேள்வி: ‘இவரை மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?’ அதில் ‘இல்லை’ என்று இருந்தால் கதை முடிந்தது. அவள் எழுதுவாள்: ‘பழைய இடத்தில் மீண்டும் எடுக்க மாட்டார்கள். யோசிக்கவும்.’

எழுதுவாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதே வரியை அடிக்கடி அடித்ததால், ‘பழ’ என்று தட்டினாலே மீதியைக் கணினியே போட்டுவிடும். அவள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

மேலாளர் அந்த வரியைப் பார்த்தால் யோசிக்கவெல்லாம் மாட்டார். பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அதுவும் அவளுக்குத் தெரியும்.

இப்படித்தான் ஒரு பெண் போனாள். ஊருக்கு வெளியே பெரிய சரக்குக் கிடங்கு ஒன்று இருக்கிறது, இணையத்தில் வாங்குகிற சாமானெல்லாம் அங்கிருந்துதான் லாரியில் புறப்படும். அதில் இருப்புக் கணக்குப் பார்த்த பெண். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு வேலைக்கு வந்தாள். நேர்காணலில் மருந்தாளுநரே, “இந்தப் பொண்ணுதான் வேணும், தேதி தாண்டின பெட்டியைத் தூரத்துல இருந்தே சொல்லுது” என்று சொன்னார். படிப்பு பச்சை, முகவரி பச்சை, பரிந்துரை இரண்டும் பச்சை. பழைய வேலை மஞ்சள், மீண்டும் எடுப்பீர்களா: இல்லை. ஒருவரி அக்கா ‘பழ’ என்று தட்டினாள். பெண் போனாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

“மேடம், எடுத்துக்கறோம்னு சொன்னாங்களே. ஏன் இல்லேன்னு ஆச்சு? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?”

“அது நிர்வாக முடிவும்மா.”

“பழைய இடத்துல ஏதாவது சொன்னாங்களா மேடம்? வீட்ல கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“அதெல்லாம் நாங்க சொல்ல முடியாதும்மா. நான் எடுத்து எழுதுறது மட்டும்தான். வேற இடம் பாருங்க, கிடைக்கும்.”

கடைசித் தடவை அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. “சரி மேடம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அப்பாடா என்று ஒருவரி அக்கா தேநீர்க் குடுவையைத் திறந்தாள். இதை நான் மறைக்கப் போவதில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியும் தம்பி மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். தம்பியை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள், அவனுக்கு முன்வழுக்கை விழுந்த பிறகும். அவனும் அதே சரக்குக் கிடங்கில்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தான். மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் கிடங்குப் பொறுப்பாளர் வேலை கிடைத்து, பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுத்து, எல்லாரிடமும் கை குலுக்கிவிட்டு வெளியே வந்திருந்தான். வழக்கமாக வாசலிலேயே “மாமா, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் இன்னும் ரிப்பேரா?” என்று கிண்டல் அடித்துக்கொண்டு நுழைகிறவன், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே ஓரமாக உட்கார்ந்தான்.

அவன் மனைவிதான் சொன்னாள். “வேலை இல்லேன்னுட்டாங்க அண்ணி.”

“என்னது? கையில ஆர்டர் கொடுத்துட்டாங்களே!”

“விசாரணை முடிவைப் பார்த்து, கொடுத்த ஆர்டரை வாபஸ் வாங்கிக்கறோம்னு மெயில் வந்திருக்கு. இவர் விடாம கேட்டதுல அந்த அறிக்கையை அனுப்பியிருக்காங்க. எங்களுக்கு அதோட முதல் பக்கத்தைப் பார்த்தாலே தலையும் புரியல, வாலும் புரியல. உங்களுக்குத்தான் இது தினசரி வேலையாச்சே, பார்த்துச் சொல்லுங்க.”

ஒருவரி அக்காவுக்கு அந்த நிமிஷம் கவலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவலைக்கு நடுவிலும் ஒரு மூலையில் பெருமை எட்டிப் பார்த்தது. இந்தத் தம்பி மனைவி அவளிடம் எதையும் கேட்கிற ரகம் இல்லை. வெங்காயம் எப்படி நறுக்குவது என்பதிலிருந்து எல்லாவற்றிலும் தனக்கென்று ஒரு கருத்து உள்ளவள். இன்றைக்கு அவளே கேட்கிறாள். அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தம்பியின் போனை வாங்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

முதல் பக்கம். படிப்பு பச்சை. முகவரி பச்சை. வழக்கு எதுவும் இல்லை, பச்சை. பழைய வேலை மஞ்சள். விரல் தானாகப் பட்டியலுக்குப் போனது. தேதிகள் சரி, பதவி சரி, ஒப்படைத்தது சரி. மீண்டும் எடுப்பீர்களா: இல்லை.

அவள் போனை மடியில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“என்னடா பண்ணே அங்க?”

சின்னவன் நிமிர்ந்தான். “நானா? என்னக்கா?”

“உன்னை மறுபடி வேலைக்கு எடுப்பீங்களான்னு கேட்டிருக்காங்க. இல்லேன்னு சொல்லியிருக்கான். ஒண்ணும் பண்ணாம அப்படிச் சொல்வானா? சரக்கு ஏதாவது கணக்குல இடிச்சுதா? யார்கூடயாவது கைகலப்பா?”

“ஐயோ, ஒண்ணும் இல்லக்கா. போகும்போது கேக் வெட்டி அனுப்பினாங்க.”

“கேக் எல்லாருக்கும்தான் வெட்டுவான். உண்மையைச் சொல்லுடா. நாங்க தினமும் பாக்கறோம், சும்மா சும்மா இப்படி எழுத மாட்டாங்க. ஏதோ இருக்கு. உன் பொண்டாட்டிகிட்ட மறைக்கலாம், என்கிட்ட மறைக்க முடியாது.”

வீட்டுக்காரர் “விடும்மா” என்றார். அவள் விடவில்லை. சின்னவன் அக்காவைப் பார்த்தான். சின்ன வயசில் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியை அவன் உடைத்ததாக யாரோ சொன்னபோது, ‘என் தம்பி பண்ணமாட்டான்’ என்று வாசலில் நின்று கத்தியவள் இவள். அப்போது அவன் உடைத்திருந்தான். இப்போது அவன் எதையும் உடைக்கவில்லை, அக்கா நம்பவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் யாருக்கும் அழுகை வந்திருக்கும். ஒருவரி அக்கா முகத்தைப் பார்க்கவில்லை, போனில் இருந்த கட்டத்தைப் பார்த்தாள்.

தம்பி மனைவி நாத்தனார் மடியிலிருந்து போனை எடுத்தாள். கோபமாகப் பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். அவளுக்கு எந்தப் பக்கம் முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் படித்தாள். கல்லூரிச் சான்றிதழ், வீட்டு வாசல் படம், அதில் காயப்போட்டிருந்த அவளுடைய துணி, எல்லாம் தாண்டிக் கடைசியில் ஓரிடத்தில் நின்றாள். உரக்கப் படித்தாள்.

“‘விலகிச் சென்ற எவரையும் மீண்டும் பணியில் அமர்த்துவதில்லை என்பது எங்கள் நிறுவனத்தின் பொதுவான விதி. எனவே கடைசிக் கேள்விக்கு அனைவருக்கும் இல்லை என்றே பதிலளிக்கிறோம். இவருடைய பணியிலும் நடத்தையிலும் எந்தக் குறையும் இல்லை.’”

உள்ளே ஃப்ரிட்ஜ் மட்டும் கொட்டாவி விட்டது.

“அண்ணி,” என்றாள் தம்பி மனைவி. குரலில் குத்தல்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள், அதுதான் கொடுமை. “இந்தக் கடைசிப் பக்கமெல்லாம் நீங்க படிக்க மாட்டீங்களா?”

ஒருவரி அக்கா முகத்தில் ஈயாடவில்லை. என்ன செய்வாள்? மனுஷங்க எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள், கோபத்தை வேறு பக்கம் திருப்பினாள். “எவன்டா அந்தக் கம்பெனில இதைச் சுருக்கி எழுதினவன்? கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? குறிப்பு காண்கன்னு போட்டிருக்கான், காணறதுக்கு என்ன கேடு? ஒரு குடும்பத்தோட வயித்துல அடிக்கிறோமேன்னு ஒரு இது வேணாம்? சம்பளம் வாங்கறானுங்களே, வெட்கமா இல்ல?”

“விடுக்கா,” என்றான் சின்னவன். அன்றைக்கு அவன் முதன்முதலாகக் கொஞ்சம் சிரித்தது அப்போதுதான். “பாவம், அங்கயும் உன்ன மாதிரி யாராவது அக்கா இருப்பாங்க. தலைக்கு மேல வேலை இருக்கும்.”

அவளை ஆறுதல்படுத்தத்தான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும். ஆனால் அவளுக்கு அந்தச் சிரிப்பு கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதே கிடங்கு, அதே கேள்வி, அதே இல்லை. தூரத்திலிருந்தே தேதி தாண்டின பெட்டியைச் சொல்கிற பெண். ‘வீட்ல கேக்கறாங்க மேடம்.’ தேநீர் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள், பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்றாள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நெஞ்சு சொன்னது. வாய் ஒத்துழைக்கவில்லை. அவர்கள் கிளம்பும்போது, “அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுடா, கடைசிப் பக்கத்தை இணைச்சு அனுப்பு, நான் எழுதித் தரேன்” என்று மட்டும் சொன்னாள். கடிதம் எழுதுவது சுலபம். இன்னொன்றுதான் வரவில்லை.

திங்கட்கிழமை அறையில் யாரும் வருவதற்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அட்டவணையைத் திறந்து, தேடும் பெட்டியில் தன்னுடைய வரியையே போட்டுத் தேடினாள். அந்த வரி ஒவ்வொரு இடமாக மஞ்சள் அடித்துக்கொண்டு எழுந்து நின்றது. எத்தனை என்று எண்ண அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொருவருடைய அறிக்கையையும் எடுத்துக் கடைசிப் பக்கம்வரை போனாள். சிலர் விஷயத்தில் ‘இல்லை’ நியாயமான இல்லைதான். ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றவர், ஒருவர் மேல் அடிதடிப் புகார். ஆனால் அவர்களுக்கும் அதே வரி, விதியின் காரணமாக இல்லை வாங்கினவர்களுக்கும் அதே வரி. அடிதடிக்காரரையும் கேக் வெட்டி அனுப்பப்பட்டவர்களையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் அறிக்கையில் கடைசிப் பக்கம் சின்னவனுடையது மாதிரியேதான் இருந்தது. ‘இவருடைய பணியிலும் நடத்தையிலும் எந்தக் குறையும் இல்லை.’ அவ்வளவு தெளிவாக, கொட்டை எழுத்தில்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. யாரும் பார்க்கவில்லை, அறையில் அவள் மட்டும்தான். இருந்தும் முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டாள்.

மேலாளர் வந்தார், நின்றபடியே. “அக்கா, இன்னைக்கு என்ன கலர்?”

“சார், உட்காருங்க.”

அவர் அந்த அறையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பயந்துபோய் உட்கார்ந்தார். அவள் திரையைத் திருப்பிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “நீங்க எழுதினதைத்தானே அக்கா நான் படிச்சேன்?” என்றார்.

அவள் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் தொண்டைவரை வந்தது. நான் எடுத்து எழுதுறது மட்டும்தான். எடுத்து எழுதினாளா? அறிக்கையில் இருந்தது, எல்லாருக்கும் ஒரே விதி, குறை ஒன்றும் இல்லை என்று. அவள் எழுதியது அறிக்கையில் எங்கேயும் இல்லை. அவள் எடுக்கவும் இல்லை. போட்டாள்.

“ஆமா சார். நான் எழுதினது தப்பு. ‘இல்லை’ன்னு பார்த்தேன், ஏன் இல்லைன்னு பார்க்கல. இனிமே மஞ்சள் வந்தா என் வார்த்தையைப் போட மாட்டேன், குறிப்புல இருக்கறதை அப்படியே தரேன். நீங்களும் வேணாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஆளை ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கணும் சார்.”

“நேரம் ஆகுமே அக்கா.”

“ஆகட்டும் சார்.”

அவர் திரையில் எழுந்து நின்ற மஞ்சள் வரிகளைப் பார்த்தார். இந்தப் பட்டியலில் ‘அடுத்த ஆள்’ என்று எத்தனை தடவை சொன்னோம் என்று அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அந்தப் பொண்ணு இடத்துல ஆள் சேர்ந்தாச்சு,” என்றார். “ராத்திரி முறைக்கு ஒரு இடம் காலியாகுது. வரச் சொல்லுங்க. வேலை உறுதின்னு வாக்குக் கொடுத்துடாதீங்க. மத்தவங்க பட்டியலையும் எடுத்துக் கொடுங்க, பார்ப்போம்.” எழுந்து போகும்போது வாசலில் திரும்பி, “உங்க மேல மட்டும் தப்பு இல்ல அக்கா” என்றார். அது உண்மைதான். அதனால் அவளுடைய வெட்கம் குறையவில்லை.

அந்தப் பெண்ணின் வரிசையில் ‘யோசிக்கவும்’ என்பதை அழித்து ‘சேர்க்கலாம்’ என்று அடித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் தண்ணீர் விழுகிற சத்தம், அதை யாரோ நிறுத்துகிற சத்தம்.

“ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன்மா. ஆட்சேர்ப்புப் பிரிவு.”

“நிர்வாக முடிவுன்னு சொன்னீங்களே, அந்த மேடமா?”

குரலை ஞாபகம் வைத்திருக்கிறாள். “ஆமாம்மா. அந்த மேடம்தான்.” அதற்கு மேல் சுற்றி வளைக்கத் தெம்பில்லை, நேராகச் சொன்னாள். “நிர்வாக முடிவுன்னு நான் சொன்னது முழுசா உண்மை இல்லம்மா. உன் அறிக்கையை நான் தப்பா எடுத்து எழுதிட்டேன். விலகிப் போன யாரையுமே மறுபடி எடுக்கறதில்லன்னு உங்க பழைய கம்பெனில ஒரு விதி. உன் மேல ஒரு குறையும் இல்லேன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கல. மன்னிச்சுக்கோம்மா. ராத்திரி முறைக்கு ஒரு இடம் வருது, வந்து பேசிட்டுப் போறியா? கிடைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது.”

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் ஒண்ணும் பண்ணலைன்னுதானே மேடம் இருக்கு?”

“ஒண்ணும் பண்ணல.”

“எனக்குத் தெரியும் நான் ஒண்ணும் பண்ணலைன்னு,” என்றாள் அந்தப் பெண். குரல் மெதுவாகியது. “இருந்தாலும் எடுத்துக்கறோம்னு சொல்லிட்டு, விசாரிச்சதுக்கப்புறம் வேணாம்னா, வீட்ல என்ன நினைப்பாங்க மேடம்? கிடங்கு வேலை வேற. பொருள் ஏதாவது எடுத்திருப்பேனோன்னு. என் வீட்டுக்காரர் வாய்விட்டு ஒண்ணும் கேக்கல. ஆனா அன்னைலேர்ந்து அலமாரிச் சாவியை அவர் சட்டைப் பையிலயே வெச்சுக்கறார்.”

ஒரு வரி. பொத்தானை அழுத்தினால் கணினியே போட்டுவிடுகிற வரி. அது போய் ஒரு வீட்டில் அலமாரிச் சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறது.

“மேடம், அவர் பக்கத்துலதான் இருக்கார். இதை அவர்கிட்ட நீங்க ஒரு தடவை சொல்றீங்களா? நான் சொன்னா நல்லா இருக்காது.”

“குடும்மா.”

ஓர் ஆண் குரல் “ஹலோ” என்றது, கொஞ்சம் முறைப்பாக. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சார், உங்க வீட்டுக்காரம்மா பழைய இடத்துல ஒரு தப்பும் பண்ணல. வேலையிலயும் நடத்தையிலயும் எந்தக் குறையும் இல்லைன்னு அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. தப்புப் பண்ணது நான். நான் படிக்காம எழுதினேன்.”

அந்த மனுஷர், “அப்ப இத்தனை நாளா நான்...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவள் அவரைக் குறை சொல்லவில்லை. அவளால் எப்படி முடியும்? அவராவது வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் கேட்டாள், தம்பி மனைவியின் முன்னால், என்னடா பண்ணே என்று.

போனை வைத்தாள். வைத்த கையோடு, மனசு மாறுவதற்குள் சின்னவன் எண்ணைப் போட்டாள். எடுத்தது தம்பி மனைவி.

“சொல்லுங்க அண்ணி. நீங்க எழுதித் தந்த கடிதத்தை நேத்தே அனுப்பியாச்சு. இன்னும் பதில் வரல. அவரைக் கூப்பிடவா?”

“இரு, வேணாம். உன் முன்னாடிதானே அவனைக் கேட்டேன், உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்.” துணி துவைக்கும் இயந்திரம் பக்கத்து அறையில் சுற்ற ஆரம்பித்தது, அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. “நீ கேட்டியே, கடைசிப் பக்கமெல்லாம் படிக்க மாட்டீங்களான்னு. படிக்கறதில்லம்மா. ரொம்ப நாளா படிக்கறதில்ல. அது போகட்டும். என் தம்பி அப்படிப் பண்ண மாட்டான்னு சொல்றதுக்கு எனக்கு எந்தப் பக்கமும் படிக்க வேண்டியதில்ல. தெரிஞ்சிருக்கணும். நான் அவனைச் சந்தேகப்பட்டேன். தப்பு.”

அந்தப் பக்கம் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

“அண்ணி, அவர் இங்கதான் சாப்பிட்டுட்டு இருக்கார். உங்க சத்தம் கேட்டு, என்னாச்சு அக்காவுக்குன்னு கேக்கறார். ஸ்பீக்கர்ல போடவா?”

ஒருவரி அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பக்கத்து மேசைக்காரி அப்போதுதான் பையோடு உள்ளே வந்து, இவள் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நிற்கட்டும் என்று விட்டாள்.

“போடும்மா,” என்றாள். “முழுசா மறுபடி சொல்றேன்.”